இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து: மறியாடு இளைக்காமல் எப்படிக் கணக்குப் போடுவது?

சண்டிலிப்பாய்த் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 7 மறிகள் நிற்கின்றன. எல்லாம் ஜமுனாபாரிக் கலப்பு. கிடாய் என்னிடம் இல்லை. வேட்கைக்குக் கத்தினால் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவருவேன்.

எட்டு மாதத்துக்கு ஒரு ஈத்து, அதாவது இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து எடுக்கலாம் என்று எங்கும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சிவலை என்ற ஆடு ஜனவரி 12இல் இரண்டு குட்டி போட்டது, மறுபடி ஜூலை 26இல் இரண்டு போட்டது. ஆறரை மாதம்கூட ஆகவில்லை. குட்டி ஒன்று ஒரு கிலோ சொச்சம்தான், மூன்றாம் நாள் செத்துவிட்டது. மற்றதற்கும் பால் போதவில்லை, போத்தலில் கொடுக்கிறேன். சிவலை முதுகெலும்பு தெரிய நிற்கிறது. எட்டு மாதம் என்பது எங்கள் ஊர் ஆட்டுக்குச் சரிவருமா? நாள்காட்டி மாதிரி யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.

சுன்னாகத்தான்

தம்பி, இது சத்துக்குறைவு. வேறொன்றும் இல்லை. கல்சியம் ஊசி இரண்டு போடச் சொல்லுங்கள், பூச்சி மருந்து கொடுங்கள். ஆடு குட்டி போட்டு ஒன்றரை மாதத்தில் வேட்கைக்கு வரும், அந்த முதல் வேட்கையிலேயே விட்டால்தான் லாபம். பின்போட்டால் கொழுத்துப்போய் சினைப்படாது. எங்கள் அப்பா காலத்தில் வருடத்துக்கு இரண்டு ஈத்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கொட்டில்காரி

தம்பி, ஊசி, மருந்து எல்லாம் பிறகு பார்ப்போம். முதலில் கணக்கு. ஜூலை 26இலிருந்து 150 நாள் பின்னுக்குப் போனால் பெப்ரவரி 26. அதாவது குட்டி போட்டு 45ஆம் நாள் சிவலை சினைப்பட்டிருக்கிறது. நீங்கள் அன்றைக்குக் கிடாய்க்குக் கொண்டுபோனீர்களா?

சண்டிலிப்பாய்த் தம்பி

இல்லை அக்கா. அதுதான் எனக்கும் விளங்கவில்லை. மே மாதம் வயிறு பெரிதானபோதுதான் கண்டேன். ஊர்க்கிடாய் ஏதாவது வேலி பாய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொட்டில்காரி

பெப்ரவரியில் உங்கள் கொட்டிலில் நலமடிக்காத கிடாய்க்குட்டி நின்றதா? எத்தனை மாதம்?

சண்டிலிப்பாய்த் தம்பி

புள்ளி ஆட்டின் குட்டி ஒன்று நின்றது. போன செப்டெம்பரில் பிறந்தது. மார்ச் கடைசியில்தான் விற்றேன். அது சின்னக் குட்டி அக்கா, ஐந்து மாதம்தானே?

கொட்டில்காரி

அதுதான் உங்கள் ஊர்க்கிடாய். நாலு மாதம் தாண்டினால் கிடாய்க்குட்டியை நம்பவே கூடாது. சிலது மூன்றரையிலேயே தொடங்கும். எட்டிப்பிடிக்க உயரம் போதாது என்று நினைப்போம். சாணிக்குவியலில் நின்றாவது காரியத்தை முடித்துவிடும். மூன்று மாதத்தில் தனியாகக் கட்டுங்கள், அல்லது நலமடித்துவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் எந்த நாள்காட்டி எழுதினாலும் பயனில்லை.

சுன்னாகத்து அண்ணை, ஒன்றரை மாதத்தில் வேட்கை வரும் என்பது சரிதான். நல்ல தீன் தின்கிற ஆட்டுக்கு வரும். வந்தால் விடலாம் என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. சிவலைக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே வயிற்றிலும் இரண்டைச் சுமந்திருக்கிறது. தம்பி, பழைய குட்டிகளை எப்போது பால் மறக்கடித்தீர்கள்?

சண்டிலிப்பாய்த் தம்பி

மறக்கடிக்கவில்லை. மே கடைசியில் விற்கும்வரை குடித்தன.

கொட்டில்காரி

அப்படியென்றால் சினை மூன்று மாதமாகும் வரை மடி வற்றவே இல்லை. குட்டி வயிற்றுக்குள் பெருப்பது முக்கால்வாசியும் கடைசி ஆறு, ஏழு கிழமையில்தான். அந்த நேரத்துக்கு உடம்பில் ஏதாவது சேர்த்துவைத்திருக்க வேண்டும். சிவலை சேர்க்கவேண்டிய காலத்தில் பாலாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டது. சிறிய குட்டி, மடியில் பால் இல்லை, தாய் எலும்பு என்று மூன்றும் ஒரே காரணத்தால் வந்தவை.

எட்டு மாதக் கணக்கு எப்படி என்றால், 150 நாள் சினை, 90 நாள் இடைவெளி. அந்த 90ஐ நான் இப்படிப் பார்ப்பேன். முதல் 40 நாள் கருப்பை சுருங்கித் தன் நிலைக்கு வரும் காலம், அப்போது தாயின் தீனைக் குறைக்கவே கூடாது. 60இல் இருந்து குட்டிகளை இரவில் பிரித்துக் கட்டுகிறேன். காலையில் எனக்குக் கொஞ்சம் பால் கறந்துவிட்டு குட்டியை விடுவேன். 75இல் முற்றாகப் பிரிவு. அந்த மூன்று, நாலு நாளும் தாய்க்குப் பிண்ணாக்கு, தவிடு நிறுத்தி வைக்கோலும் தண்ணீரும் மட்டும். இல்லாவிட்டால் மடி கட்டி வீங்கும். மடி தளர்ந்ததும் தீனைக் கூட்டுவேன், குழையோடு நாளுக்குக் கால் கிலோ பிண்ணாக்குத் தவிட்டுக் கலவை. அதிலிருந்து ஒரு கிழமை, இரண்டு கிழமையில் வேட்கை வந்துவிடும். 80க்கும் 100க்கும் இடையில் கிடாய்க்கு விடுகிறேன்.

இதில் கவனிக்கவேண்டியது, 90 நாள் என்று சொன்னாலும் பிரித்த பிறகு கிடைப்பது ஒரு வேட்கைதான். மிஞ்சினால் இரண்டு. 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும், வந்தாலும் ஒரு நாள், ஒன்றரை நாள்தான் நிற்கும். தவறவிட்டால் எட்டு மாதம் ஒன்பது மாதமாகிவிடும்.

ஒற்றை ஆடு

நான் நல்லூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆடுதான், பால் கறக்கத்தான் வைத்திருக்கிறோம். 75 நாளில் பாலை நிறுத்தச் சொல்கிறீர்களே, அப்படியென்றால் எனக்கு எட்டு மாதத்தில் இரண்டரை மாதம்தானே பால்? குட்டியை விற்றுவிட்டு நான் ஆறு மாதம் கறக்கிறேன். அது தவறா?

கொட்டில்காரி

இல்லையம்மா, உங்கள் கணக்கு வேறு. பாலுக்கு வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு ஈத்து எடுத்தால் போதும். ஆறு மாதம் கறவுங்கள். குட்டி போடுவதற்கு இரண்டு மாதம் முன்பாவது கறவையை நிறுத்திவிடுங்கள். தம்பி கேட்பது குட்டி விற்கிறவர்களுக்கான கணக்கு.

வேலணையான்

கொட்டில்காரி அக்கா சொல்வது தென்மராட்சிக்குச் சரி. அங்கே வளவுக்கு வளவு பலாவும் பூவரசும் நிற்கிறது. தீவுப்பகுதியில் ஆனி, ஆடியில் சோளகம் வீசத் தொடங்கினால் பச்சையாகத் தெரிவது பனை வடலிதான். என்னிடம் 30 ஆடுகள், எல்லாம் மேய்ச்சலில் திரிகின்றன. யாருக்குக் கால் கிலோ பிண்ணாக்கு வைப்பது? என் ஆடுகள் மாரிப் புல்லில் கொழுத்து, தையில் குட்டி போடுகின்றன. வருடத்துக்கு ஒருமுறை, சில ஆடு கூடுதலாகப் போடும், போடட்டும். இரண்டு வருடத்தில் மூன்று எடுக்கப்போய் நான் இரண்டாவது வருடம் ஆறு மறிகளை இழந்தேன். வெயிலில் சினையோடு நின்றவை கடைசி மாதத்தில் தீனைத் தொடாமல் படுத்துவிட்டன. வைத்தியர் வந்தபோது காலம் கடந்துவிட்டது.

கொட்டில்காரி

அண்ணை, உங்களோடு வாதாட வரவில்லை. வெட்டிப்போடக் குழை இல்லாத இடத்தில் எட்டு மாதக் கணக்கு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். என் வேலி முழுக்கச் சீமைக்கிளுவை. வெட்ட வெட்டத் தழைக்கும். கொஞ்சம் இப்பிலிப்பில்லும் நட்டிருக்கிறேன். இவை இல்லையென்றால் வைகாசியில் குட்டி போடும் ஆட்டை என்னாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் கடைசி மாதத்தில் தீன் எடுக்காமல் படுப்பது பெரும்பாலும் இரட்டை, மூன்று சுமக்கும் ஆடுகளில்தான் வரும். வயிறு இடமில்லாமல் நெருங்கிவிடும், ஒரேயடியாகத் தின்ன முடியாது. அப்போது தீனை மூன்று, நாலாகப் பிரித்து வைக்க வேண்டும். மேய்ச்சல் ஆட்டுக்கு அது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

சண்டிலிப்பாய்த் தம்பி

அக்கா, நீங்கள் எந்த மாதத்தில் விடுகிறீர்கள்? தவறிப்போகும் ஆட்டை என்ன செய்கிறீர்கள்? எனக்கு அதுதான் குழப்பம். ஏழும் ஏழு நேரத்தில் நிற்கின்றன.

கொட்டில்காரி

சரி, இதை விரித்து எழுதுகிறேன். இரவுச் சமையல் முடிந்துவிட்டது.

எனக்கு வருடத்தில் மூன்று வாசல்கள். ஆடி கடைசியில் (ஓகஸ்ட் தொடக்கம்) கிடாய்க்கு விட்டால் தையில் குட்டி. சித்திரையை ஒட்டி, ஏப்ரல் முதல் பாதியில் விட்டால் செப்டெம்பரில் குட்டி. டிசம்பர் தொடக்கத்தில் விட்டால் மே மாதம் குட்டி. இந்த மூன்று வாசலிலும் ஐந்தைந்து கிழமை கிடாயை உள்ளே வைத்திருப்பேன், மற்ற நேரத்தில் கிடாய் வளவின் மறு மூலையில், மறிகளுக்கு மணமே எட்டாத தூரத்தில். அப்படி ஒரு மாதம் பிரித்துவைத்துவிட்டுத் திடீரென்று கொண்டுவந்தால் கிடாயின் வாடையிலேயே பல ஆடுகள் பத்து நாளுக்குள் வேட்கைக்கு வந்துவிடும். ஊசி தேவையில்லை.

ஒரு ஆட்டை எடுத்துக்கொள்வோம். ஓகஸ்ட் 10இல் சினைப்பட்டால் ஜனவரி 7இல் குட்டி. ஏப்ரல் 7இல் மறுபடி விட்டால் செப்டெம்பர் 4. டிசம்பர் 3இல் விட்டால் மே 2. பிறகு ஜூலை 31இல் விட்டால் டிசம்பர் 28இல் குட்டி. இரண்டு வருடத்தில் பத்து நாள் முன்னுக்கு வந்திருக்கிறோம். அந்தப் பத்து நாள்தான் உங்களுக்குத் தவறிய வேட்கைக்கான சில்லறை.

இப்போது சூட்சுமம். ஒரு ஆடு இந்த வாசல்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பயன்படுத்துகிறது. தையில் போட்டது சித்திரையில் போகிறது. சித்திரையில் அதற்கு உடம்பு தேறவில்லையா? விட்டுவிடுங்கள். நாலு மாதத்தில் ஆடி வாசல் திறக்கும். அப்போது போனால் அடுத்த தையில் குட்டி, ஒரு வருட இடைவெளி. கொட்டில் முழுவதையும் இரண்டு குழுவாக வைத்தால், ஒரு குழு தவறவிட்ட வாசல் மற்றக் குழுவின் வாசலாக இருக்கும். இளைத்த ஆடு எந்தக் குழப்பமும் இல்லாமல் மற்றக் குழுவுக்குப் போய்விடும். நான் 14 வருடமாகக் கொப்பி வைத்திருக்கிறேன். என் ஆடுகளில் எல்லா முறையும் எட்டு மாதத்தில் போட்டது ஒன்றுகூட இல்லை. நடுவில் எங்காவது ஒரு பன்னிரண்டு மாதம் வந்துவிடும்.

எந்த ஆட்டை விடுவது, எதைத் தாண்டவைப்பது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஜமுனாபாரியின் பின்தொடை மயிரும், குழை தின்று உப்பிய வயிறும் ஏமாற்றும். கையை வைத்துப் பாருங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, நாரியில் உள்ளங்கையை வைத்து விரல்களால் இரு பக்கமும் அழுத்துங்கள். முள்ளுகள் சீப்புப் பல்லைப் போல ஒவ்வொன்றாகக் குத்தினால் அந்த ஆடு இந்த வாசலில் போகக்கூடாது. மெல்ல அழுத்தினால் முள் தட்டுப்பட்டு, மேலே சதை உருளுமானால் விடலாம். அழுத்தி அழுத்தியும் முள் தெரியாவிட்டால் கொழுத்துவிட்டது, அதுவும் நல்லதல்ல. வாசல் திறக்க மூன்று கிழமை முன்பு இதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இன்னும் கொஞ்சம் தேற்ற நேரமிருக்கும்.

சினைப்பட்டதா என்று பார்க்க, கிடாயின் நெஞ்சில் காவியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவேன். ஏறிய மறியின் நாரியில் சிவப்பு அடையாளம் விழும். திகதியை எழுதிவைத்துவிட்டு, பதினாறு நாள் கழித்து நீலத்தூளுக்கு மாற்றுவேன். சிவப்பின் மேல் நீலம் விழுந்தால் அந்த ஆடு பிடிக்கவில்லை என்று தெரியும். கிடாய் இல்லாதவர்கள் 18ஆம் நாளிலிருந்து 22வரை ஆட்டை உற்றுப் பார்க்க வேண்டியதுதான்.

சுன்னாகத்தான்

இது நல்லதுதான் தங்கச்சி. ஆனால் செப்டெம்பரில் குட்டி போடவைக்கிறீர்களே. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் குட்டிக்கு இரண்டு மாதம். கொட்டில் நிலம் சதசதவென்று கிடக்கும். குட்டி இரத்தமாகக் கழிந்து சாவதை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டில்காரி

அதுதான் என் கணக்கின் பலவீனமான இடம், மறைக்க மாட்டேன். செப்டெம்பர் குட்டிகளில்தான் எனக்கும் இழப்புக் கூட. பனஞ்சிலாகையில் பரண் போட்ட பிறகு குறைந்தது, நின்றுவிடவில்லை.

ஓய்வுபெற்றவன்

கால்நடைப் பக்கம் வேலைபார்த்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பரணில் சிலாகைக்கு இடையில் அரை அங்குலம் விட்டால் போதும். கூட விட்டால் சிறு குட்டியின் கால் இறங்கும். கழிச்சல் கூடுதலாகப் பரவுவது, குட்டிக்கும் தாய்க்கும் ஒரே தண்ணீர்ப் பாத்திரம் என்ற இடத்தில்தான். பாத்திரத்தை வெளியே தூக்கி மாட்டி, தலையை நீட்டிக் குடிக்கும்படி வையுங்கள்.

இன்னொன்று, கொட்டில்காரி தங்கை எழுதாமல் விட்டது. முதல் ஈத்துக் குட்டியாட்டை எட்டு மாதக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஆடு. முதல் ஈத்துக்குப் பிறகு ஒரு வாசலைத் தானாகவே தாண்டவிடுங்கள்.

வேலணையான்

செப்டெம்பரை முழுதாக விட்டுவிட்டு, தையும் வைகாசியும் மட்டும் வைத்தால் என்ன? எனக்கு அதுதான் தெரியவில்லை.

கொட்டில்காரி

அப்போது தையில் போட்டது ஓகஸ்டுவரை காத்திருக்க வேண்டும் அண்ணை, ஒரு வருட இடைவெளி. வைகாசியில் போட்டது மட்டும் எட்டு மாதத்தில் தையில் போடும். கணக்கு நொண்டும். இரண்டு வருடத்தில் இரண்டு என்றுதான் வரும். உங்களுக்கு அது பொருந்தலாம்.

சண்டிலிப்பாய்த் தம்பி

அக்கா, இன்றைக்கு ஓகஸ்ட் 8. எல்லா ஆட்டின் நாரியையும் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சரியா என்று சொல்லுங்கள்.

சிவலை சீப்புத்தான். ஆடி வாசலில் இல்லை. நெட்டைக்காது ஜனவரியில் போட்டது, சித்திரையில் கொண்டுபோகவில்லை, சதை நிற்கிறது. கறுப்பி மே 10இல் ஒற்றைக் குட்டி, போன கிழமை பிரித்துவிட்டேன், பரவாயில்லை. சுட்டி மே மாதம் மூன்று போட்டது, இன்னும் இரண்டு குடிக்கிறது, முள் குத்துகிறது. புள்ளி ஏப்ரலில் கிடாய்க்குப் போனது, செப்டெம்பரில் போடும். ஒரு மறிக்குட்டி, ஒன்பது மாதம், 17 கிலோ. வெள்ளைச்சியும் ஜனவரியில்தான் ஒற்றை போட்டது, நன்றாகக் கொழுத்திருக்கிறது. அதையும் நெட்டைக்காதோடு கிடாய்க்குக் கொண்டுபோகவா?

கொட்டில்காரி

பொறுங்கள். வெள்ளைச்சியின் மடியைப் பார்த்தீர்களா? அந்தக் கிடாய்க்குட்டி மார்ச் கடைசிவரை நின்றதல்லவா? மார்ச்சில் பிடித்திருந்தால் இந்த மாதம் குட்டி வர வேண்டும்.

சண்டிலிப்பாய்த் தம்பி

போய்ப் பார்த்தேன். மடி விட்டிருக்கிறது அக்கா. காம்பும் கொஞ்சம் பருத்திருக்கிறது. கொழுப்பு என்று நினைத்தேன்.

கொட்டில்காரி

ஹா. இந்த மாத முடிவுக்குள் போடும். பாருங்கள், அதே கிடாய்க்குட்டி, ஏறக்குறைய அதே காலம். வெள்ளைச்சியின் குட்டியை எப்போது விற்றீர்கள்?

சண்டிலிப்பாய்த் தம்பி

பங்குனியில். மார்ச் 20 மட்டில்.

கொட்டில்காரி

அதுதான். ஒற்றைக் குட்டி, பால் நின்றது, அதன் பிறகு சினை. ஏழரை மாதத்தில் போடப்போகிறது, ஆனால் கொழுத்து நிற்கிறது. சிவலைக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை. இன்றிலிருந்து வெள்ளைச்சிக்குக் காலையும் மாலையுமாகக் கால் கிலோ வையுங்கள், ஒரேயடியாக வேண்டாம்.

மற்றவை: நெட்டைக்காதும் கறுப்பியும் இப்போது போகட்டும். கறுப்பியைப் பிரித்து ஒரு கிழமைதான், மடி தளர்ந்துவிட்டதா பார்த்து, வேட்கை வரும்போது கொண்டுபோங்கள். சுட்டி ஓகஸ்ட் வாசலைத் தாண்டட்டும், டிசம்பரில் பார்க்கலாம். புள்ளி செப்டெம்பரில் போட்டால் டிசம்பர் வாசல். சிவலைக்கும் டிசம்பர்தான், 130 நாள் ஆகியிருக்கும். அன்றைக்கும் முள் குத்தினால் சித்திரைக்கு. வெள்ளைச்சிக்கும் டிசம்பர். மறிக்குட்டியை 20, 22 கிலோ வரும்வரை தொடாதீர்கள். சினையாடு எல்லாவற்றுக்கும் குட்டி போட ஆறு கிழமை முன்பே தீனைக் கூட்டத் தொடங்குங்கள்.

சுன்னாகத்தான்

டிசம்பரில் நாலு ஆட்டைக் கொட்டும் மழையில் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவது எப்படித் தம்பி? முச்சக்கர வண்டிக் கூலியே போதும். ஒரு கிடாயை நீரே வைத்துக்கொள்ளும்.

சண்டிலிப்பாய்த் தம்பி

அதைத்தான் யோசிக்கிறேன் அண்ணை. ஏழு ஆட்டுக்கு ஒரு கிடாய்க்குத் தீன்போடுவது கட்டாது. ஐந்து கிழமைக்கு வாடகைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். கிடாய்க்காரர் மழைக்குள் தரமாட்டேன் என்று சொன்னாலும் சொல்வார். சிவலையின் மிஞ்சின குட்டி இன்று காலை தானாகப் போத்தலைத் தேடி வந்தது.